எலுமிச்சை பட்டதும் எழும் நாற்றம்

வடக்கே காலா நமக் என்று விற்கும் கறுப்பு உப்பின் கட்டி ஒன்றை எடுத்து முகர்ந்து பாருங்கள். லேசாக ஒரு நெடி வரும், அவ்வளவுதான். அதையே உரலில் இட்டு நுணுக்கினால் நெடி கொஞ்சம் கூடும். நுணுக்கிய தூளில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். அந்தத் தண்ணீரில் அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால்தான் உப்பு தன் சுயரூபத்தைக் காட்டும். அவித்த முட்டையை உரிக்கும்போது வரும் வாசனை குப்பென்று மேலே எழும். உப்பு அதேதான், அளவும் அதேதான். புதிதாகச் சேர்ந்தது புளிப்பு மட்டும்.

கறுப்பு உப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதிக்கு மேல் இந்தக் கண்ணாடித் தம்ளருக்குள்ளேயே இருக்கிறது. அந்த வாசனை ஏற்கெனவே உப்பில் தயாராக இருந்து வெளியே வரவில்லை. வாசனையை உண்டாக்கக்கூடிய பொருள்தான் உப்பில் பூட்டிக் கிடந்தது. புளிப்பு அதைத் திறந்துவிட்டது.

இதைப் பொதுவாகக் கந்தக வாசனை என்கிறோம். ஆனால் மஞ்சள் நிறத் தனிக் கந்தகத்துக்கு வாசனை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. தீபாவளியன்று தெருவெங்கும் நிற்கும் காரநெடி, கந்தகம் எரிந்து காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாகும் சல்பர் டையாக்சைடு. கறுப்பு உப்பில் வருவது அதுவும் அல்ல. இது ஹைட்ரஜன் சல்பைடு, கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு. ஒன்றில் கந்தகம் எரிந்திருக்கிறது. மற்றொன்றில் அதற்கு நேர் எதிரான காரியம் நடந்திருக்கிறது. அந்த எதிர்க் காரியம் எங்கே நடந்தது என்பதுதான் இந்த உப்பின் கதை.

முட்டை நினைவுக்கு வருவது மூக்கின் மயக்கம் அல்ல. முட்டையின் வெள்ளைக்கருப் புரதத்தில் கந்தகம் உண்டு. வேகும்போது அது ஹைட்ரஜன் சல்பைடாகப் பிரிகிறது. அந்த வாயு உள்ளே போய், மஞ்சள் கருவிலுள்ள இரும்பைச் சந்திக்கும். முட்டையை அதிக நேரம் வேகவிட்டால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு வளையம் விழுகிறதே, அது அந்தச் சந்திப்பில் பிறந்த இரும்பு சல்பைடு. கறுப்பு உப்பின் வாசனைக்கு ஹைட்ரஜன் சல்பைடும் நிறத்துக்கு இரும்பு சல்பைடுகளும்தான் காரணம். முட்டையும் பாலும் தொடாத வீகன் சமையல்காரர்கள் டோஃபுவில் பொரியல் செய்து மேலே இந்த உப்பைத் தூவி முட்டைச் சுவை கொண்டுவருகிறார்கள் என்றால், அது வெறும் பாவனை இல்லை. மூக்குக்குப் போய்ச் சேரும் வாயு இரண்டிலும் ஒன்றேதான்.

கறுப்பு உப்பு பூமியிலிருந்து கறுப்பாகவே வெட்டி எடுக்கப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சூளையில் பிறக்கிறது. மூலப்பொருள் சாதாரண உப்புதான். பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள கேவ்ரா சுரங்கம் போன்ற இடங்களின் பாறை உப்பாக இருக்கலாம், ராஜஸ்தானின் சாம்பார் ஏரி உப்பாக இருக்கலாம். சாம்பார், இந்தியாவின் மிகப் பெரிய உள்நாட்டு உப்பு ஏரி. கடலோடு அதற்குத் தொடர்பு இல்லை. அதன் நீரில் சோடியம் குளோரைடு மட்டுமல்லாமல் சோடியம் சல்பேட்டும் சோடியம் கார்பனேட்டும் கரைந்திருக்கின்றன. அதே மாநிலத்திலுள்ள தீத்வானா ஏரியில் சோடியம் சல்பேட் இன்னும் அதிகம். அதற்காகவே அங்கே ஆலை வைத்திருந்தார்கள். இந்த சல்பேட்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நாறப்போவது இதில் உள்ள கந்தகம்தான். சல்பேட்டாக இருக்கும்வரை அதற்கு வாசனை இல்லை.

ஹரியானாவின் ஹிசார் பக்கங்களில் நடக்கும் பழைய முறையைப் பார்ப்போம். உப்பை மண் கலயத்தில் நிரப்புவார்கள். கூடவே கரியும், சிறிதளவு கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய், கருவேலம்பட்டை, சவுட்டுக்காரம் போன்றவையும் போகும். கலயத்தின் வாயை இறுக மூடிச் சூளையில் வைத்து ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் எரிப்பார்கள். உள்ளே உப்பு உருகிக் குழம்பாகும். பிறகு ஆறவிட்டு, கலயத்தை உடைத்து, இறுகிப்போன கட்டியை எடுப்பார்கள். உடனே விற்காமல் கொஞ்ச காலம் வைத்திருப்பதும் உண்டு.

கலயத்துக்குள் நடப்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். சல்பேட்டில் கந்தகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஆக்சிஜனைக் கரி பறித்துக்கொள்கிறது. ஆக்சிஜனைப் பறித்த கரி கார்பன் மோனாக்சைடாகவோ டையாக்சைடாகவோ வெளியேறிவிட, மிஞ்சுவது சோடியம் சல்பைடு. வாசனையற்ற உப்பு, நாறக்கூடிய உப்பாக மாறிவிட்டது. ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சலவைச் சோடா தயாரிக்க வந்த லெப்லாங்க் முறையிலும் நடுக்கட்டம் இதேதான்: சோடியம் சல்பேட்டைக் கரியோடு சூடாக்கினார்கள். அங்கே அது பெரிய தொழிற்சாலையில் நடந்தது, இங்கே மண் கலயத்தில் நடக்கிறது.

உப்பு ஏன் உருக வேண்டும்? கரித்தூளும் சல்பேட்டும் திடமாக இருந்தால் ஒன்றையொன்று தொடும் இடம் குறைவு. குழம்பாகிவிட்டால் எங்கும் தொடும். தூய சோடியம் குளோரைடு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். சல்பேட்டும் கலந்திருந்தால் அந்தக் கலவை அதற்குக் குறைவான வெப்பத்திலேயே உருகத் தொடங்கும். எப்படியும் வீட்டு அடுப்பில் நடக்கிற காரியமில்லை. உப்பையும் அடுப்புக்கரியையும் வாணலியில் வறுத்தால் கருகிய உப்புதான் கிடைக்கும்.

வாயை ஏன் இறுக மூட வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. சூட்டில் காற்று உள்ளே புகுந்தால் சல்பைடு மறுபடி ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு பழைய சல்பேட்டாகிவிடும். கரியும் வீணாக எரிந்து தீர்ந்துபோகும். மூடி விரிசல் விட்ட கலயத்திலிருந்து நிறமும் வாசனையும் மங்கிய கட்டி வந்தால் அதில் ஆச்சரியமில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடுக்காய், நெல்லி, தான்றி மூன்றும் சேர்ந்தால் திரிபலா. அந்தப் பெயரை வைத்து, இந்த உப்பில் திரிபலாவின் மருத்துவ குணம் இறங்கியிருக்கிறது என்று விளம்பரம் செய்கிறார்கள். எண்ணூறு டிகிரிக்குப் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க வெந்த கடுக்காயில் கடுக்காயின் எந்தச் சத்தும் மிஞ்சாது. அது கரியும் சாம்பலும் ஆகிவிடும். அந்தக் கரி சல்பேட்டோடு வேலை செய்கிறது என்பதுதான் அதன் பயன். பழைய ஆட்கள் கடுக்காயைச் சேர்த்தது தவறு என்று நான் சொல்லவில்லை, வேலை நடக்கத்தான் செய்கிறது. அது செய்த வேலை வேறு, விளம்பரம் சொல்லும் வேலை வேறு.

இப்போது பல ஆலைகளில் கலயமும் கடுக்காயும் இல்லை. சாதாரண உப்போடு சோடியம் சல்பேட்டையும் இரும்பு சல்பேட்டையும் அளந்து போட்டு, கரியோடு உலையில் உருக்குகிறார்கள். இதைப் போலி என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே நடக்கும் வினை ஒன்று, வெளியே வரும் பொருளும் ஒன்று. ஏரி தானாகக் கொடுத்த சல்பேட்டை இவர்கள் மூட்டையிலிருந்து எடுத்துப் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

இனி நிறம். உப்பிலும் மண்ணிலும் சாம்பலிலும் இருக்கும் கொஞ்சம் இரும்பு, சல்பைடோடு சேர்ந்து இரும்பு சல்பைடாகிறது. அதில் கிரெய்கைட் என்ற கனிமம்தான் கட்டியின் பழுப்பும் ஊதாவும் கலந்த கருமைக்கு முக்கியக் காரணம் என்கிறார்கள். அளவில் மிகச் சொற்பம். உப்பின் பெரும்பங்கு நிறமற்ற சோடியம் குளோரைடு என்பதால்தான், கட்டியாகக் கறுத்துத் தெரிந்தது தூளாக்கியதும் சாம்பல் கலந்த இளஞ்சிவப்பாக வெளுத்துவிடுகிறது. கறுப்பு உப்பு கேட்டால் கடைக்காரர் சிவப்புத் தூளைத் தருகிறாரே என்று குழம்ப வேண்டாம்.

ஆனால் சிவப்பாக இருக்கிறதே என்று இந்துப்பையும் இதையும் ஒன்றாக்கிவிடவும் கூடாது. இமாலய உப்பு என்ற பெயரில் விற்கும் இளஞ்சிவப்பு இந்துப்பு சூளைக்குப் போகாதது, சுரங்கத்திலிருந்து வந்தபடியே இருப்பது. அதன் சிவப்புக்கும் இரும்புதான் காரணம். அங்கே இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கிறது, அதாவது துரு. இங்கே கந்தகத்தோடு சேர்ந்திருக்கிறது. அதனால் இந்துப்புக்கு வாசனை இல்லை, இதற்கு உண்டு.

மறுபடி தம்ளருக்கு வருவோம். கறுப்பு உப்பைத் தண்ணீரில் கரைத்ததும் சோடியம் சல்பைடு பிரிந்து, கந்தகம் மின்னூட்டம் பெற்ற அயனியாக நீரில் நிற்கிறது. அயனி ஆவியாகாது, அதனால் மூக்குக்கு வராது. சல்பைடு கரைந்த நீர் சற்றுக் காரத்தன்மை பக்கம் சாய்வதால் பெரும்பகுதி அப்படியே அயனியாகத் தங்கிவிடும். பி.ஹெச். 7-க்கு வரும்போது ஏறக்குறைய பாதி அயனி, பாதி வாயு. எலுமிச்சைச் சாற்றின் பி.ஹெச். 2-ஐ ஒட்டியது. அது விழுந்ததும் அநேகமாக எல்லாமே ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகிவிடும். கலங்கலாக மிதக்கும் இரும்பு சல்பைடும் அமிலத்தில் கரையத் தொடங்கி தன் பங்குக்குக் கொஞ்சம் வாயுவை விடும்.

சாட் கடைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு அனுபவத்தில் தெரியும். ஜல்ஜீராவில் கறுப்பு உப்பும் புளிப்பும் சேர்ந்தே இருக்கின்றன. பானிபூரித் தண்ணீரில் புளி, வட இந்தியாவின் ஷிகஞ்சியில் எலுமிச்சை, பழத்துண்டுகளில் பழத்தின் புளிப்பே போதும். சாட் மசாலாவில் மாங்காய்ப்பொடியும் கறுப்பு உப்பும் ஒரே டப்பாவில் உலர்ந்து கிடக்கின்றன. உலர்ந்திருக்கும்வரை இரண்டும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. நாக்கில் எச்சில் பட்டதும் அமிலமும் சல்பைடும் கரைந்து சந்தித்து வாயிலேயே வாசனையைக் கிளப்புகின்றன. சாட் சாப்பிட்ட உடனே தொண்டைக்குப் பின்னாலிருந்து ஒரு நெடி மூக்குக்கு ஏறுவது இதனால்தான்.

இத்தனைக்கும் வெளிவரும் வாயு மிகக் குறைவு. ஹைட்ரஜன் சல்பைடை மனித மூக்கு நம்ப முடியாத அளவுக்குக் கூர்மையாகப் பிடித்துவிடும். இந்த வாயுவின் நாற்றம் மக்களைத் தொந்தரவு செய்யாமலிருக்க ஒரு கன மீட்டர் காற்றில் 7 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு வழிகாட்டியிருக்கிறது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஏழு பங்கு. கறுப்பு உப்பில் சல்பைடு துளியளவு இருந்தாலே வீடு முழுக்கத் தெரிவதற்கு இதுவே காரணம்.

கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கும் தொழிலாளர்களின் உயிரைக் குடிக்கும் வாயுக்களில் ஒன்றும் இதே ஹைட்ரஜன் சல்பைடுதான். இதைக் கேட்டு யாரும் பானிபூரித் தட்டைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை. அங்கே அளவு மிக மிக அதிகம். காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கைத் தாண்டினால் முகரும் நரம்பே மரத்துப்போய், நாற்றம் நின்றுவிட்டது போலத் தோன்றும். ஆபத்தே அங்கேதான். சமையலறையில் அந்த அளவு வர வழியே இல்லை. கடையில் நிற்பவருக்கு வாசனை தெரியாமல் போவது மூக்கு பழகிவிட்டதால், மரத்துப்போனதால் அல்ல.

அப்படியானால் இதற்கும் நம் வீட்டுத் தூள் உப்புக்கும் வித்தியாசம் எவ்வளவு? வாசனையைக் கழித்துவிட்டால் மிகக் குறைவு. இரண்டிலும் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான். கறுப்பு உப்பில் சோடியம் குறைவு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று பாக்கெட்டிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்கிறார்களே, அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். தூய உப்பில் 39.3 சதவீதம் சோடியம். ஆக 1 கிராம் தூள் உப்பில் 393 மில்லிகிராம். ஒரு பேச்சுக்கு, கறுப்பு உப்பில் 95 சதவீதம்தான் சோடியம் குளோரைடு, மீதி 5 சதவீதம் சோடியம் சல்பேட் என்று வைத்துக்கொள்வோம். குளோரைடிலிருந்து 373 மில்லிகிராம் சோடியம் வரும். சல்பேட்டிலும் சோடியம் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. அது சுமார் 16 மில்லிகிராம் தரும். மொத்தம் 389. ஒரு கிராமுக்கு 4 மில்லிகிராம் மிச்சம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2 கிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள் என்பது உலக சுகாதார அமைப்பின் வரம்பு. அதில் இந்த 4 மில்லிகிராம் ஒரு பொருட்டே அல்ல.

இரும்புச்சத்து என்ற பேச்சும் அப்படித்தான். ஆயிரத்தில் ஒரு பங்கு இரும்பு என்று தாராளமாக வைத்தாலும் ஒரு கிராம் உப்பில் கிடைப்பது 1 மில்லிகிராம். இந்தியப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படுவது 29 மில்லிகிராம். உப்பால் அதை எட்ட நினைத்தால் இரும்புக்கு முன்னால் ரத்த அழுத்தம் ஏறிவிடும்.

உண்மையில் பெரிய வித்தியாசம் வேறு ஒன்றில் இருக்கிறது. நாம் வாங்கும் அயோடின் உப்பில் பொட்டாசியம் அயோடேட் சேர்க்கிறார்கள். ஆலையில் பத்து லட்சத்துக்கு 30 பங்கு, கடைக்கு வரும்போது 15 பங்குக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. தைராய்டு சுரப்பி சரியாக இயங்கவும், கழுத்தில் கழலை வராமலிருக்கவும், கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளரவும் இந்தத் துளி அயோடின் வேண்டும். கறுப்பு உப்பில் பொதுவாக அயோடின் சேர்ப்பதில்லை. சாட்டில் தூவும் சிட்டிகைக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் வீட்டிலுள்ள தூள் உப்பை ஒதுக்கிவிட்டு, சாம்பாரிலிருந்து பொரியல்வரை எல்லாவற்றுக்கும் இதையே போட ஆரம்பித்த குடும்பங்களும் இருக்கின்றன. கர்ப்பிணியோ சிறு குழந்தையோ உள்ள வீட்டில் அது சரியான மாற்றம் அல்ல.

தவிர, கொதிக்கும் சாம்பாரில் இதைப் போடுவதே வீண் செலவு. புளியும் சூடும் சேர்ந்து வாயு முழுவதையும் சில நிமிடங்களில் வெளியேற்றிவிடும். வாசனை சமையலறைக் காற்றில் போய்விட, குழம்பில் மிஞ்சுவது விலை கூடிய சாதாரண உப்பு. அடுப்பை அணைத்த பிறகோ இலையில் பரிமாறும்போதோ தூவினால்தான் அது கறுப்பு உப்பு.

பாட்டிலைத் திறந்து வைத்தாலும் இதே கதிதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும். காற்றின் ஈரமும் கார்பன் டையாக்சைடும் சேர்ந்து மென்மையான அமிலமாகி வாயுவைச் சிறிது சிறிதாக வெளியேற்றும். ஆக்சிஜன் மீதிச் சல்பைடை மறுபடி வாசனையற்ற சல்பேட்டை நோக்கித் தள்ளும். ஒரு மழைக்காலம் ஈரத்தில் கிடந்த தூள் இளஞ்சிவப்பாகவே இருந்தும் வாசனையில்லாமல் போயிருக்கும். கட்டியாக வாங்கி, வேண்டும்போது நுணுக்கிக்கொண்டால் நெடுநாள் வரும். உள்ளே இருப்பதைக் காற்று எட்டாது.

வாங்கியது சரியான பொருளா என்று பார்க்கவும் தம்ளர் சோதனையே போதும். எலுமிச்சை பிழிந்தும் முட்டை நெடி வரவில்லை என்றால் அது இந்துப்பாக இருக்கலாம், அல்லது கரித்தூள் கலந்த உப்பு. ஹவாயிலும் சைப்ரஸிலும் அலங்காரத்துக்கென்று விற்கும் கறுப்பு உப்புகள் இந்த இரண்டாம் வகை. பெயர் ஒன்றாக இருந்தாலும் அவற்றில் சல்பைடு கிடையாது, நுணுக்கினாலும் கரி நிறமாகவே இருக்கும். இன்னொரு வழியும் உண்டு. பழைய வெள்ளிக் காசு ஒன்றின் மேல் ஈரமாக்கிய கறுப்பு உப்பை வைத்து ஓர் இரவு மூடி வையுங்கள். சல்பைடு இருந்தால் காலையில் அந்த இடம் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறியிருக்கும். வெள்ளி சல்பைடு அது. இதே காரணத்தால் கறுப்பு உப்பு போட்ட பச்சடியை வெள்ளிக் கிண்ணத்தில் வைக்காதீர்கள்.

ஆக, வீட்டில் இரண்டு பாட்டில் வையுங்கள். சமையலுக்கு அயோடின் உப்பு. மோர், பழத்துண்டு, எலுமிச்சைச் சாறு, சாட் ஆகியவற்றின் மேல் கடைசியில் தூவ, இறுக மூடிய கண்ணாடிப் பாட்டிலில் கறுப்பு உப்பு. மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால், இந்தச் சிட்டிகையையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.